பெட்டி இருக்கிறது, கணினி இருக்கிறதா?

பள்ளிக் கணினி ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டியவை எவை, எழுதாமல் விட்டால் நேர்வது என்ன? குறிஞ்சிப்பாடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விசாரணை.

கல்வியாண்டு முடிவடைந்து, தேர்வு அறைகள் பூட்டப்பட்டு, ஆசிரியர்கள் கோடை விடுமுறையை எதிர்நோக்கியிருக்கும் நாட்களில், நம் அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு என்னும் சடங்கு ஒன்று நடைபெறுவது வழக்கம். பெஞ்சு இத்தனை, மேஜை இத்தனை, பீரோ இத்தனை என்று எண்ணிக்கொண்டே வரும் குழுவினர் கணினி ஆய்வகத்தின் வாசலை அடைந்ததும், அங்கும் அதே முறையில் பெட்டிகளை எண்ணி, பதிவேட்டிலுள்ள இருபதும் அறையிலுள்ள இருபதும் ஒத்திருப்பதைக் கண்டு திருப்தியுற்று, தலைமையாசிரியரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுகிறார்கள். மேஜையைப் பொறுத்தவரை இந்த முறையில் குற்றம் ஏதுமில்லை. நான்கு கால்களோடு நிற்கும் மேஜை மேஜைதான். கணினியின் விஷயமோ வேறு. வெளிப்பெட்டி அப்படியே இருக்க, உள்ளே நினைவகம் குறைந்திருக்கலாம். ஹார்டு டிஸ்க் போயிருக்கலாம். எல்லாம் இருந்தும் பாடத்திட்டம் கோரும் மென்பொருள் இல்லாதிருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும், ஜூன் மாதத்தில் வகுப்புத் தொடங்கும்போது ஒரு கணினிக்கு நான்கு மாணவர்கள் நெருங்கி உட்காரும் காட்சிக்கு இதுவே காரணம்.

இது ஒரு பள்ளியின் சங்கதி மட்டுமன்று. தமிழ்நாட்டில் 3,090 உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேனிலைப் பள்ளிகளிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டபோது, உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேனிலைப் பள்ளிக்கு இருபது என்ற கணக்கில் கணினிகள் ஒதுக்கப்பட்டன. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 90,000 யந்திரங்கள். ஒரே காலப்பகுதியில் வாங்கப்பட்டவை ஒரே காலப்பகுதியில்தான் மூப்படையும். உத்தரவாதக் காலமும் கூட்டமாகவே முடிவுறும். அதன்பின் எதைப் பழுது பார்ப்பது, எதைக் கழிப்பது, எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அந்தந்தப் பள்ளியின் தலையில் விழும்போது, அதற்குக் கைகொடுக்கக் கூடிய சாதனம் பதிவேடு ஒன்றே.

குறிஞ்சிப்பாடியை இந்த விசாரணைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில், நெய்வேலிக்குக் கிழக்கே அமைந்த இவ்வூரில், கணினிக்குப் பகையான வஸ்துக்கள் யாவும் ஏதோ ஒரு விதத்தில் குடிகொண்டிருக்கின்றன. கோடையில் கடும் வெப்பமும் புழுதியும், ஐப்பசி கார்த்திகையில் இடியும் அடைமழையும், கடலோரக் காற்றின் ஈரப்பதமும் இங்கு இயல்பு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் இந்த மாவட்டத்தை நாட்கணக்கில் இருளில் ஆழ்த்தியதையும், 2015 நவம்பர் மழை ஊர்களைச் சூழ்ந்ததையும் இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய இடத்தில் ஒரு கணினி என்ன வாழ்க்கை வாழ்ந்தது என்பதைத் தேதியோடு எழுதி வைக்காவிட்டால், அது ஏன் பழுதாயிற்று என்பதை ஒருவராலும் அறிய இயலாது.

எந்த எண்ணை எழுதுவது?

பதிவேட்டின் முதற்பத்தி வரிசை எண். அடுத்தது உற்பத்தியாளர் பொறித்த சீரியல் எண். இந்த இரண்டாவது எண்ணைப் பெரும்பாலும் பெட்டியின் முதுகிலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்து எழுதுகிறார்கள். ஸ்டிக்கர் காலப்போக்கில் வெளிறும். வியர்வைக் கை பட்டுப் பட்டு அழியும். சில பள்ளிகளில் பொங்கலுக்கு முன் அறையைச் சுத்தம் செய்பவர்கள் அதை அழுக்கென்று கருதிச் சுரண்டி விடுவதும் உண்டு. நல்ல வேளையாக, பெரிய நிறுவனங்களின் கணினிகளில் அதே எண் மதர்போர்டில் உள்ள பயாஸ் சில்லிலும் எழுதப்பட்டிருக்கிறது. அரசு மடிக்கணினிகளின் வாயிலாகப் பல மாணவர்களுக்கு அறிமுகமான பாஸ் லினக்ஸிலும், பிற லினக்ஸ்களிலும், டெர்மினலைத் திறந்து இந்த வரியைத் தட்டினால் அது தெரியும்:

```
sudo dmidecode -s system-serial-number
```

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இவ்வாறு கேட்கலாம்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

ஸ்டிக்கரின் எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் ஒன்றாக இருந்தால், பெட்டியும் அதன் உயிர்நாடியும் ஒன்றாகவே இருக்கின்றன என்று கொள்ளலாம். இரண்டும் மாறுபட்டால் யாரோ ஒரு காலத்தில் மதர்போர்டை மாற்றியிருக்கிறார்கள். திரையில் எண்ணுக்குப் பதிலாக To Be Filled By O.E.M. என்றோ Default string என்றோ வந்தால், அங்கே எண்ணே எழுதப்படவில்லை என்பது பொருள்; உள்ளூரில் உதிரிப் பாகங்களைக் கொண்டு பூட்டிய கணினியாக இருக்கலாம், அல்லது மாற்றி வைத்த மதர்போர்டில் பழைய எண்ணைப் பதிய மெக்கானிக் மறந்திருக்கலாம்.

இந்த வேற்றுமை அற்ப விஷயமெனத் தோன்றக்கூடும், அவ்வாறன்று. உத்தரவாதக் கோரிக்கையை ஏற்கும் நிறுவனம் அந்த எண்ணைக் கொண்டே தேதியைப் பார்க்கிறது. கணினி திருடு போனால் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு உயிரூட்டுவதும் அந்த எண்தான். ஆதலால் மதர்போர்டு மாற்றப்பட்ட நாளன்று பழைய எண்ணை அடித்து எழுதாமல், அதன் கீழே புதிய எண்ணையும் தேதியையும் காரணத்தையும் சேர்த்து எழுதுவதே முறையாகும். அழித்து எழுதப்பட்ட பதிவேடு சாட்சியத்தையும் உடன் அழித்துவிடுகிறது.

பெட்டிக்கு ஓர் எண் போதாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மானிட்டர் தனி, ஹார்டு டிஸ்க் தனி, நினைவகமான ரேம் தனி. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கழன்று போகக் கூடியவை. 8 ஜி.பி. ரேம் இருந்த இடத்தில் 4 ஜி.பி. வந்து உட்கார்ந்தாலும் கணினி ஓடத்தான் செய்யும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பழுது பார்க்க வெளியே அனுப்பிய கணினி திரும்பி வரும்போது, அனுப்புவதற்கு முன் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் இல்லாத பள்ளிக்கு இந்த மாற்றம் ஒருநாளும் புலப்படாது.

'நல்ல நிலை' என்பதன் பொருள்

நிலைமை என்ற பத்தியில் 'நல்ல நிலை' அல்லது 'பழுது' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் காண்பது அரிது. இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் பெரும்பாலான கணினிகள் வாழ்கின்றன. எனவே நான்கு படிகள் வைத்துக்கொள்வது உசிதம்: பாடத்திட்டப் பயிற்சி முழுவதையும் செய்யத் தக்கது, குறையோடு ஓடுவது, ஓடாவிட்டாலும் செப்பனிடத் தக்கது, கழிக்க வேண்டியது. முதற்படியில் ஒரு கணினியைச் சேர்ப்பதற்கு, அதைத் திறந்து, இணைய இணைப்பைச் சோதித்து, ஒரு சிறு நிரலை எழுதி, ஓட்டி, சேமித்து, மறுபடி திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்த தேதியும் பார்த்தவரின் சுருக்கொப்பமும் இல்லாத 'நல்ல நிலை' வெறும் நம்பிக்கையே.

புகார் வாக்கியத்திற்கும் உண்மைக் காரணத்திற்கும் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்த முதல் வாரத்தில், "சார், இந்த சிஸ்டத்துல நெட் வரல" என்று ஒரு மாணவன் சொல்லுவான். கேபிளை மாற்றுவார்கள், ஸ்விட்சை அணைத்துப் போடுவார்கள், இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். உண்மையில் நேர்ந்திருப்பது யாதெனில், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவமான சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி, பல வாரங்கள் மின்சாரமின்றிக் கிடந்த கணினியின் கடிகாரத்தைத் தாங்கித் தாங்கி உயிரை விட்டிருக்கும். கணினி விழித்தெழும்போது ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதல் தேதி என்று எண்ணிக்கொள்ளும். பாதுகாப்பான இணைய தளங்கள் யாவும் தேதி பொறித்த சான்றிதழைக் காட்டுபவை ஆகையால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருதும் உலாவி அவற்றைத் திறக்க மறுக்கும். திரையின் கீழ்மூலையில் இருக்கும் தேதியைப் பார்த்தவருக்கு நொடியில் விளங்கிவிடும். பாராதவர் இணையத்தைத் தேடி ஊரெல்லாம் அலைவார்.

ஆகவே பழுதுப் பத்தியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சொல்லப்பட்ட புகார், கண்டறிந்த காரணம், செய்த வேலை. 'நெட் வரவில்லை, சரி செய்யப்பட்டது' என்ற வாக்கியம் அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு எதையும் போதிப்பதில்லை. 'நெட் வரவில்லை, தேதி பின்னோக்கிப் போயிருந்தது, பேட்டரி மாற்றப்பட்டது' என்ற வாக்கியமோ, ஒரே சமயத்தில் வாங்கிய மற்ற பத்தொன்பது கணினிகளிலும் அதே பேட்டரி அதே வயதில் இருக்கிறது என்ற எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது.

மென்பொருளும் அதன் உரிமையும்

2018-19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் மேனிலை முதலாண்டுக் கணினி அறிவியல் மாணவர் சி++ மொழியையும், இரண்டாம் ஆண்டு மாணவர் பைத்தான் மொழியையும் பயில்கிறார். ஆகையால் மென்பொருள் பத்தியில் முதற்கண் காண வேண்டியது, இவற்றை ஓட்டும் நிரல்கள் எந்தெந்தக் கணினியில் இருக்கின்றன, அவை எந்தப் பதிப்பு என்பதே. இருபது கணினிகளில் பன்னிரண்டில் ஒரு பதிப்பும் எட்டில் வேறொரு பதிப்பும் இருந்தால், ஒரு மாணவி எழுதிய நிரல் தன் இடத்தில் ஓடி, செய்முறைத் தேர்வன்று அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேறு இடத்தில் ஓடாமல் போகும் விபரீதம் நிகழக்கூடும்.

இரண்டாவதாக எழுத வேண்டியது உரிமம். புதிய கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸின் உரிமம் பொதுவாக அந்தக் கணினியின் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டிருப்பது. மதர்போர்டு எரிந்து வேறு வகை மதர்போர்டைப் பொருத்தினால் உரிமமும் கூடவே மறைந்து, திரையின் ஓரத்தில் உரிமத்தைப் பதிவு செய்யுமாறு கோரும் எழுத்துக்கள் தோன்றத் தொடங்கும். அவசரத்துக்கு யாரோ ஒருவர் கிராக் செய்த பிரதியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அதனோடு வைரஸும் வந்து சேரும். பென் டிரைவ் மூலம் ஆய்வகம் முழுவதும் பரவும். சீரியல் எண் பத்தியில் மதர்போர்டு மாற்றம் குறிக்கப்பட்டிருந்தால், உரிமம் ஏன் போயிற்று என்பது மென்பொருள் பத்தியைப் பார்த்த கணமே தெளிவாகும். இந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுபவை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. மதர்போர்டு மாறினாலும் உரிமம் மாறுவதில்லை.

இப்போது இன்னொரு கேள்வியும் பள்ளிகளின் முன் நிற்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு மாறவோ, பாதுகாப்புச் சில்லான டி.பி.எம். 2.0-வும், இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும்; அந்தத் தலைமுறை 2017-இன் பிற்பகுதியிலேதான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்திய செயலி கொண்டவற்றை லினக்ஸுக்கு மாற்றுவதா, இணையத் தொடர்பைத் துண்டித்து வெறும் நிரல் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டும். பதிவேட்டில் செயலியின் பெயரையும் தலைமுறையையும் எழுதி வைத்திருக்கும் பள்ளி இந்தத் தீர்மானத்தை அரைமணியில் எடுத்துவிடும். எழுதாத பள்ளி இருபது கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் ஓடாத கணினியைத் திறந்து பார்ப்பதற்கும் வழியில்லை.

பழுதுச் சரித்திரம் சொல்லும் உண்மை

பதிவேட்டின் பத்திகளில் தலையாயது பழுதுச் சரித்திரமே. தனித்தனியாகப் பார்த்தால் தற்செயலெனத் தோன்றும் பழுதுகள், சேர்த்துப் பார்க்கும்போது ஒரே காரணத்தின் பல முகங்களாகத் தெரிகின்றன.

உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில், மதர்போர்டில் இருந்த மின்தேக்கிகள் தலை வீங்கி, பழுப்பு நீரைக் கசியவிட்டு, கணினியை நிறுத்தின. அந்தக் கோளாறுக்கு ஆளாகக் கூடிய கணினிகள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் என்ற விவரம், ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களைக் கொண்டு 2010-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபின் பரவலாகத் தெரியவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையினர் தம் கணினிகள் அடுத்தடுத்து விழுவதைக் கண்டு முறையிட்டபோது, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கணினியை வருத்தியதே காரணம் என்று அவர்களுக்கு விடை கிடைத்ததாம்! ஒரே ஒரு கணினி வைத்திருந்தவர் அந்த விடையை நம்பியிருக்கவும் கூடும். ஒரே மாதிரிக் கணினிகள் பலவற்றை வைத்திருந்து, எந்த மாதத்தில் எந்த மாதிரி விழுந்தது என்பதை எழுதியும் வைத்திருந்தவர் நம்பியிருக்க மாட்டார். பள்ளி ஆய்வகம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இனி, நம் ஊர் நிலைமைக்குப் பொருந்துமாறு ஒரு கற்பனை ஆய்வகத்தை எடுத்துக்கொண்டு, இது எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். இருபது கணினிகள், ஐந்தைந்தாக நான்கு வரிசைகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு யு.பி.எஸ். ஜூன் மாதத்தில் யு.பி.எஸ்ஸின் பேட்டரிகள் செத்துவிடுகின்றன. வகுப்பு நடந்தாக வேண்டுமே என்று, மூன்றாவது நான்காவது வரிசைகளை யு.பி.எஸ்ஸிலிருந்து பிரித்து நேர் மின்சாரத்தில் கொடுக்கிறார் எலக்ட்ரீஷியன். மூன்றாவது வரிசை ஒரு ஃபேஸிலும், நான்காவது வரிசையும் அறையின் ஏ.சி.யும் இன்னொரு ஃபேஸிலும் அமைகின்றன. இரண்டுக்கும் நியூட்ரல் கம்பி ஒன்றே. ஜூலையில் 12-ஆம் எண் கணினி ஆன் ஆகவில்லை, எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்படுகிறது. ஆகஸ்டில் 14-ஆம் எண். அதற்கும் அதே சிகிச்சை. செப்டம்பரில் 11-ஆம் எண், அதற்கும் அதுவே. ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒரே ஒரு பழுதுதான் எழுதப்பட்டிருக்கிறது, எதிலும் விசேஷமில்லை. மலிவான எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பதிவேட்டில் 'இடம்' என்றொரு பத்தி இருந்து, யு.பி.எஸ்ஸுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தால், கதை மாறுகிறது. மூன்று பழுதும் ஒரே வரிசை, மூன்றும் ஒரே வகை, மூன்றும் யு.பி.எஸ். பிரிக்கப்பட்ட தேதிக்குப் பிறகு. இப்போது ஆசிரியரின் கண் கணினியை விட்டுச் சுவரிலுள்ள மின்பெட்டிக்குப் போகிறது. மல்ட்டிமீட்டரோடு வரும் எலக்ட்ரீஷியன், மூன்றாவது வரிசை மட்டும் ஓடும்போது அதன் பிளக்கில் 230 வோல்ட்டை ஒட்டிக் காண்கிறார். நான்காவது வரிசையையும் ஏ.சி.யையும் போடச் சொல்கிறார். மூன்றாவது வரிசையில் மீட்டர் 265-க்கு ஏறுகிறது, நான்காவதில் 170-க்கு இறங்குகிறது. ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கினால், அது நியூட்ரல் தளர்ந்திருப்பதன் அடையாளம். பொது நியூட்ரல் இறுக்கமாக இல்லாதபோது, சுமை மிகுந்த ஃபேஸின் பக்கம் அது சாய்ந்துவிட, சுமை குறைந்த ஃபேஸில் மின்னழுத்தம் எகிறுகிறது. மூடியைத் திறந்து பார்த்தால், நியூட்ரல் திருகாணியின் அருகே கம்பியின் உறை சூட்டில் கருகியிருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். ஏன் செத்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 230 வோல்ட் மாறு மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட், எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாயிலில் நிற்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் வரை தாங்குபவை. ஏ.சி.யின் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் மூன்றாவது வரிசை 290-ஐத் தொட்டால், உச்சம் 410-ஐத் தொடும். ஒரு கணம் தாங்கும். ஒரு மாதம் தாங்காது. மூன்று எஸ்.எம்.பி.எஸ்களும் நிரபராதிகள். அவற்றை மாற்றிக்கொண்டே போயிருந்தால் நான்காவது, ஐந்தாவது என்று வரிசை முழுவதும் விழுந்து, இறுதியில் ஒரு மதர்போர்டும் எரிந்திருக்கும். கம்பியை வெட்டிப் புதிதாகச் செருகித் திருகாணியை முறுக்கியதோடு நோய் தீர்ந்தது.

ஒன்றிலிருந்து எடுத்து ஒன்றில் போடுவது

எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாததுமான காரியம் ஒன்று உண்டு. 7-ஆம் எண் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அதன் ரேமை எடுத்து 3-இல் போட்டார்கள். ஹார்டு டிஸ்க்கை 16-இல் போட்டார்கள். கீபோர்டு எங்கேயோ போயிற்று. நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான், வகுப்பு நடந்தது. ஆனால் இரண்டாண்டு கழித்து 7-ஆம் எண்ணைப் பழுது பார்க்க நிதி வரும்போது, அதற்குள்ளே காற்றைத் தவிர வேறொன்றுமில்லை. ஆசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் பழிக்கு ஆளாவார்.

கைத்தறிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியில் இதற்குத் தீர்வு சொல்ல அயலார் தேவையில்லை. நெசவாளருக்குக் கொடுத்த நூலை அவர் பேரில் பற்று எழுதி, அவர் கொண்டுவந்த துணியை வரவு வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்க்கும் கணக்குமுறை இங்குப் பழகியதே. கணினிக்கும் அதுவே பொருந்தும். ரேம் 7-இலிருந்து 3-க்குப் போனால், 7-இன் பக்கத்தில் 'ரேம் 3-க்கு' என்றும், 3-இன் பக்கத்தில் 'ரேம் 7-இலிருந்து' என்றும், இரண்டிலும் ஒரே தேதியில் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நிற்காது.

கழிப்பதற்கும் இந்தப் பக்கமே ஆதாரம். செப்பனிடும் செலவு கட்டுப்படியாகாது என்பதைக் காட்ட, எத்தனை முறை என்னென்ன மாற்றப்பட்டது என்ற வரலாற்றை விட வலிய சான்று வேறில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், 2022-இன்படி, இத்தகைய கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவே போக வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாகாது. அனுப்புமுன் ஹார்டு டிஸ்க்கில் உள்ள மாணவர் விவரங்களை அழித்து, யார் எந்தத் தேதியில் அழித்தார் என்பதையும் எழுதிவிட்டால், அந்தக் கணினியின் பக்கம் முறைப்படி முற்றுப்பெறும்.

ஒரு மாதிரிப் பக்கம்

மேற்சொன்னவற்றையெல்லாம் தொகுத்தால், கணினி ஒன்றுக்கு ஒரு பக்கம் என்ற அளவில் இவ்வளவே தேவைப்படும்:

எண் 12, இடம்: மூன்றாம் வரிசை, இரண்டாவது.
சீரியல்: பெட்டியில் உள்ளது, பயாஸில் உள்ளது, மானிட்டரில் உள்ளது, வாங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி.
உள்ளுறுப்பு: செயலியும் அதன் தலைமுறையும், ரேம் அளவு, ஹார்டு டிஸ்க் அளவும் அதன் எண்ணும்.
மென்பொருள்: இயங்குதளம், உரிமத்தின் வகை, சி++ மற்றும் பைத்தான் பதிப்புகள், நிறுவிய தேதி.
நிலை: நான்கு படிகளில் எது, சோதித்த தேதி, சுருக்கொப்பம்.
பழுது: தேதி, புகார், காரணம், செய்த வேலை, மாற்றிய பாகம், செலவு.

இதைக் கட்டுப் போட்ட நோட்டில் எழுதுவதா, கணினியிலேயே எக்செல் தாளில் எழுதுவதா என்று வாதம் வருவதுண்டு. தேதிவாரியாகவும் வரிசைவாரியாகவும் அடுக்கிப் பார்க்கத் தாள்தான் சௌகரியம். மூன்றாவது வரிசையின் ரகசியம் வெளிப்படுவதும் அவ்வாறு அடுக்கும்போதுதான். ஆனால் ஆய்வகத்தின் பதிவேட்டை ஆய்வகத்துக் கணினியில் மட்டும் வைத்திருப்பவர், அந்தக் கணினி விழும் நாளில் பதிவேட்டையும் இழப்பார். வாரத்துக்கொரு முறை அச்செடுத்துக் கோப்பில் வைப்பதோ, பழுதை முதலில் நோட்டில் எழுதிப் பின்னர் தாளில் ஏற்றுவதோ போதுமானது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லாத பள்ளியில், வேறு பாடம் நடத்தும் ஒருவர் தம் ஓய்வுப் பாடவேளையில் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. முதன்முறை இருபது பக்கங்களையும் நிரப்புவது சிரமமான வேலைதான். பிறகு சேரும் வேலை சொற்பம்; பழுது நேரும் நாளில் ஒரு வரி, பருவத்துக்கொரு சோதனை. மேனிலை மாணவர்களையே இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் திரையைப் படிக்க மற்றவர் எழுதுமாறு செய்தால், ஒரு செய்முறை வகுப்பில் முதற்பதிவு முடிந்துவிடும். கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றிய பாடமும் அதிலேயே அடங்கிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஆய்வகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மொத்தக் கணினிகள் எத்தனை என்ற எண்ணுக்குப் பக்கத்தில், இன்று பாடம் நடத்தத் தக்கவை எத்தனை என்ற இரண்டாவது எண்ணையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்துக்குரிய ஒவ்வொரு கணினியின் பக்கத்தையும் திருப்பிப் பார்த்துக் காரணத்தைக் கேளுங்கள். காரணம் எழுதப்படாத பக்கமே முதலில் செப்பனிட வேண்டிய பழுது.